கன்னியம்மாவுக்கு இருபத்தைந்து வயது முகம்

மதியிடம் வேலை கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள். மீதிப் பேர் வரும்போதே திட்டிக்கொண்டு வருவார்கள். ஆனாலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சண்முகவேலின் பேனர் கடைக்குக் கூட்டம் குறைந்ததில்லை. செத்தவர் கண்ணைத் திறந்துவைக்க அந்தப் பக்கத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உயிரோடு இருக்கும்போது ஒரு நல்ல போட்டோ எடுத்துக்கொள்ளாத ஆள் செத்துப்போனால், வீட்டார் கையில் மிஞ்சுவது ஐஸ் பெட்டியில் கிடத்திய படம்தான். அதைக் கொண்டுவந்து மதியின் மேசையில் வைப்பார்கள். அவள் மூக்குப் பஞ்சை எடுப்பாள், மாலையை அழிப்பாள், நெற்றிக்காசைத் தூக்குவாள், வெறும் உடம்புக்கு ஒரு வெள்ளைச் சட்டையோ கோட்டோ மாட்டுவாள். கடைசியில் கண்ணைத் திறப்பாள். மறுநாள் தெருமுனையில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே அந்த ஆள் எல்லாரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மதி திறக்கிற கண்கள் எப்போதும் கொஞ்சம் முறைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. "உன்னோட கண்ண உட்டுட்டு வேற கண்ணு வைம்மே" என்று ஒருத்தன் ஒருமுறை சொன்னான். அவன் மாமனார் பேனரை அவள் அன்றைக்கு முடித்துக் கொடுக்கவில்லை.

வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து, எம்.கே.பி. நகரில் ஒரு மாடி அறையில் போட்டோஷாப் படித்தவள். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்கிற முகத்தோடு யாராவது வந்தால் அவள் முகம் அதற்கு முன்பே பதில் சொல்லிவிடும். வாடிக்கையாளர் வாயிலிருந்து வருகிற சொற்களில் அவளுக்கு அறவே பிடிக்காதது 'கொஞ்சம்'. கொஞ்சம் கலராக்கு, கொஞ்சம் இளைக்கவை, கொஞ்சம் வயசைக் குறை. ஒவ்வொரு கொஞ்சத்துக்கும் ஒரு ஆள் காணாமல் போகிறான் என்பது அவள் கட்சி.

அந்தச் சொல்லோடுதான் கன்னியம்மா வந்தாள்.

கன்னியம்மா எண்ணூர் விரைவுச் சாலையோரம் சோறு விற்கிறவள். துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கு அவள் குழம்புதான் சாப்பாடு. அறுபது தாண்டிய உடம்பு, வெயிலில் காய்ந்து முறுகிப்போன முகம், எந்நேரமும் யாரையோ அதட்டிவிட்டு வந்த குரல். கடைக்குள் நுழைந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து இரண்டாக மடித்த ஒரு பழைய ஸ்டுடியோ போட்டோவை எடுத்து, மடிப்பைப் பிரிக்காமலே மேசைமேல் வைத்தாள்.

மேலே தெரிந்த பாதியில் சுருட்டை முடியும் அகலக் காலர் சட்டையுமாக ஒரு ஆள். ஜெயவேல், அவள் புருஷன். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டினவர். செத்து வருஷம் திரும்பப் போகிறது.

"முதலாமாண்டு நினைவஞ்சலி. தெரு முச்சூடும் பாக்கற மாரி பெருசா வேணும்" என்றாள் கன்னியம்மா. "இவுரு பக்கத்துல நானு. ஜோடியா."

"மடிச்சிகீற பக்கத்துல யாரு?"

"அது தேவ இல்ல. அத்த வெட்டிடு. அங்க என்ன வையி."

மதி மடிப்பைப் பிரித்தாள். கன்னியம்மா சட்டென்று முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிரித்த பாதியில் இருபது சொச்சம் வயதில் ஒரு பெண், தலையைச் சாய்த்து, காதோரம் கனகாம்பரத்தோடு. மங்கம்மா, எண்ணூர்க்காரி. கன்னியம்மாவுக்கு இரண்டு பெண் பிறந்தபின் ஜெயவேல் போய்ச் சேர்ந்த இடம். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அங்கே இருந்துவிட்டு, ஈரல் கெட்டுச் சாகப்போகிற நேரத்தில் திரும்பவும் கன்னியம்மா வாசலில் வந்து விழுந்த மனுஷன் கொண்டுவந்த பையில் இந்தப் படம் இருந்தது. அவர் வாலிபத்தில் எடுத்த படம் என்று உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான். கன்னியம்மா அதை மடித்தாள். அதற்குப் பிறகு பிரித்துப் பார்க்கவில்லை.

"உன் பயைய போட்டோ குடு" என்றாள் மதி.

"இல்ல."

"கல்யாணத்துல எடுத்தது?"

"எடுத்தது ஒண்ணே ஒண்ணு. வியாசர்பாடில குட்ச எரிஞ்சப்போ அதுவும் பூட்ச்சி." கன்னியம்மா தன் செல்போனை நீட்டினாள். மகள் மகிழினி கைநீட்டு தூரத்தில் எடுத்த படம். இப்போதைய முகம், மூக்கு முன்னால் வந்து காதுகள் பின்னால் போய். "இத்த வச்சி வயசக் கொற. கொஞ்சம். ஒரு இருவத்தஞ்சு வயசு மாரி. தெருவுல நாலு பேரு பாக்கணும், இந்தாளுக்கு மொத பொண்டாட்டி யாருன்னு. நா அவுரோட வாய்ந்ததுக்கு ஒரு துண்டு காயிதம் இல்ல. அந்தப் பொம்பளைக்கு இது கீது."

"நீ எப்டி இருந்தன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"நீதான செத்தவன் கண்ணையே தொறக்கற. உசுரோட முன்னாடி நிக்கறேன், முடியாதா?"

கடையின் உள்ளறையிலிருந்து சண்முகவேல் எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பது வருஷம் இங்கே இருந்தும் பேச்சு ஊர் மாறவில்லை. "அதெல்லாம் முடியும்மா. ஏஐ இருக்குல்லா. மதி, அந்த ஆப்புல போட்டு முடிச்சிக் குடு. நிக்க வச்சுப் பேசாத."

அவர் அந்தச் செயலியை மாதச் சந்தாவில் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மதி அதை வெறுத்தாள், தினமும் உபயோகித்தாள்.

அவள் கையால் செய்த காலத்தில் ஒரு சுருக்கத்தை எடுத்தால் அந்தச் சுருக்கம் மட்டும்தான் போகும். மீதி முகம் இருந்த இடத்தில் இருக்கும். இந்தச் செயலி அப்படி இல்லை. வயதைக் குறை என்று சொன்னால் அது சுருக்கத்தை அழிப்பதில்லை. கொடுத்த படத்திலிருந்து ஆளைப் பற்றிச் சில அடையாளங்களை மனதில் வாங்கிக்கொண்டு, முகம் முழுவதையும் புதிதாக வரைகிறது. தெரியாத இடங்களை, தான் பார்த்துப் பழகிய லட்சம் இளம் முகங்களைக்கொண்டு நிரப்புகிறது. அதனால் எல்லா மூக்கும் அதன் கையில் மெலியும், எல்லாப் புருவமும் ஒரே உயரத்துக்கு வரும், கறுப்பு மாநிறமாகும். ஒரு மனுஷியை அவளாக வைத்திருக்கிற கோணல்கள் எல்லாம் முதலில் போய்விடும். மதிக்கு இது தெரியும். தெரிந்தும் அன்றைக்குக் கையில் நான்கு பேனர் வேலை பாக்கி இருந்தது.

முதல் படத்தை அவள் செல்போன் படத்தை மட்டும் கொடுத்து எடுத்தாள். மோசம் என்று சொல்ல முடியாது. மூக்கு அகலமாக, இடப்பக்கம் லேசாக ஒடிந்தாற்போல இருந்தது. வாட்ஸ்அப்பில் போன அரைமணிக்குள் கன்னியம்மாவின் குரல்பதிவு வந்தது.

"இன்னாது இது. மூக்கு கோணலா கீது. எங்க மாமியா மாரி கீது. நா அப்போ இத்த விட கலரு. கொஞ்சம் சரி பண்ணு."

மூக்கை நிமிர்த்தினாள். "ஒடம்பு ஒட்டல, தனியா வெட்டி வச்ச மாரி கீது" என்று மகிழினி எழுதினாள். அது நியாயம்தான். ஜெயவேல் பக்கத்தில் இருந்த மஞ்சளேறிய பழைய வெளிச்சம் வேறு, புதிய முகத்தின் வெளிச்சம் வேறு. அங்கேதான் மதி குறுக்கு வழியில் இறங்கினாள். முழு ஸ்டுடியோப் படத்தையும் ஸ்கேன் செய்து செயலிக்குள் போட்டாள். கூடவே தன்னுடைய இரண்டாவது படத்தையும் போட்டாள். 'இந்தப் பெண்ணை அந்தப் பெண் இருக்கிற இடத்தில் வை. அதே புடவை, அதே வெளிச்சம், அதே சாயல்' என்றாள். வேலை அழகாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு திருத்தத்தையும், கன்னம், பொட்டு, சிரிப்பு, அதன்மேலேயே செய்தாள். வந்ததை எடுத்துத் திரும்ப உள்ளே போட்டாள். அதில் வந்ததை மறுபடியும் போட்டாள். ஒவ்வொரு முறையும் முகம் நூலளவு நகர்ந்தது. கன்னியம்மா ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டாள். மதியும் அப்படித்தான் செய்தாள். யாரும் செல்போன் படத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

கடைசிப் படத்துக்கு, முகத்தை மட்டும் வெட்டி அனுப்பியதற்கு, மகிழினியிடமிருந்து இதயங்கள் வந்தன. கன்னியம்மா ஒற்றை வரி சொல்லியனுப்பினாள். "இப்பதான் மன்சன் மூஞ்சி மாரி கீது. போடு."

பேனர் அச்சு இயந்திரத்தில் ஓடியது. சவுக்குக் கட்டையில் அடித்து, நினைவு நாளுக்கு முந்தின சாயங்காலம் கன்னியம்மாவின் தெருமுனையில் கட்டினார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். மதி ஒரு காதணி விழாக் குழந்தையின் தலைக்குக் கிரீடம் வைத்துக்கொண்டிருந்தாள். கடை வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. முதலில் இறங்கியது ஒரு வாலிபன். சட்டத்திலிருந்து கிழித்துச் சுருட்டிய பேனர் அவன் கையில் இருந்தது. எண்ணெய்க்கறை படிந்த கம்பெனிச் சட்டை. அவன் பின்னால் கனத்த உடம்போடு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். அவர்களுக்குப் பின்னாலேயே, நடந்தே வந்திருக்க வேண்டும், மூச்சிரைக்கக் கன்னியம்மா.

"இங்க மதின்னா யாரு?" என்றான் வாலிபன்.

"நாந்தான். இன்னா?"

அவன் பேனரைக் கடைத் தரையில் விரித்தான். வருகிறவர்கள் போகிறவர்கள் நின்றார்கள். "எம் பேரு அன்புமணி. இந்தாளு எங்கப்பா. தெவசத்துக்கு வந்தா தெருமுனைல இது நிக்குது. பக்கத்துல கீறது எங்கம்மா. கீய இன்னா எயுதிகிது, படி."

"மனைவி கன்னியம்மா."

"எங்கம்மா மூஞ்சப் போட்டு அடுத்தவ பேரு எயுதுவீங்களா? அப்பனத்தான் கடைசில இஸ்துகினு வந்துட்டா. இப்போ எங்கம்மா மூஞ்சியும் வேணுமா இவளுக்கு?"

"டேய், வாய அடக்கு" என்றாள் கன்னியம்மா. "அது நானு. என் போட்டோவ வச்சி செஞ்சது."

ஆட்டோவில் வந்த பெண்தான் மங்கம்மா. குனிய முடியாமல் குனிந்து பேனரைப் பார்த்தாள். அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பெருத்துத் தளர்ந்த அந்த முகத்துக்கும் தரையில் கிடந்த முகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் வெளிப்பார்வைக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் தன்னை அறிந்திருந்தாள்.

"யக்கா" என்றாள் கன்னியம்மாவைப் பார்த்து. சக்களத்தியை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்ற முறைக்காகச் சொன்னதுபோல், மரியாதையே இல்லாத ஒரு அக்கா. "இது தேரடி ஸ்டுடியோல எடுத்தது. நா தலைய சாய்ச்சிகினு இருக்கேன், போட்டோக்காரன் சொன்னான்னு. என் தாடை இது. என் நெத்தி. உனுக்கு எப்போ நெத்தி இவ்ளோ சின்னதா இருந்திச்சி?"

"உன் மூஞ்சி எனக்கு எதுக்குடி?" என்று கேட்டு மதி பக்கம் திரும்பினாள் கன்னியம்மா. "ஏய் பொண்ணு, சொல்லு இவங்களாண்ட. யாரு மூஞ்சி இது?"

மதி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். 'நீ அனுப்பின படத்தை வைத்துத்தான்' என்று சொல்லியிருப்பாள். அதற்குள் சண்முகவேல் உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"என்ன வேல பாத்துருக்கம்மா. ஊரே வேடிக்க பாக்குது. கடைப்பேரு என்ன ஆகுறது? பொறுங்கய்யா, இவ செஞ்சது தப்புன்னா இவளே பதில் சொல்லுவா."

"கம்முனு இரு அண்ணாச்சி" என்றாள் மதி. திரும்பி உட்கார்ந்து பேனரின் மூலக் கோப்பைத் திறந்தாள்.

முதலில் கன்னியம்மாவின் செல்போன் படத்தை எடுத்து, பேனர் முகத்தின்மேல் பாதி ஒளிபுகும்படி வைத்தாள். இரண்டு கருவிழிகளும் கருவிழிகளோடு பொருந்துகிற அளவுக்குப் பெரிதாக்கி, திருப்பினாள். கண்கள் ஒட்டின. வேறெதுவும் ஒட்டவில்லை. மூக்கின் அடி ஒரு இடத்தில், பேனரின் மூக்கு இன்னொரு இடத்தில். வாய் தள்ளி நின்றது. காதுகள் வேறு உயரத்தில் இருந்தன. செல்போனைக் கிட்டத்தில் பிடித்து எடுத்ததால் மூக்கு பெருக்கும், அதைக் கழித்துப் பார்த்தாலும் இவ்வளவு வித்தியாசம் வராது.

அந்தப் படத்தை மறைத்துவிட்டு, ஸ்டுடியோப் படத்தில் இருந்த மங்கம்மாவைக் கொண்டுவந்து வைத்தாள். தாடை தாடைமேல் படிந்தது. நெற்றியின் முடிக்கோடு, கழுத்து, காதோரம், மூக்கின் சரிவு, எல்லாம் பூட்டுக்குள் சாவிபோல இறங்கின. படத்தை மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினாள். முகம் சிமிட்டியது, ஆள் மாறவில்லை.

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்புமணி சிரிக்கவில்லை.

"பாத்தியா" என்றான்.

"பாத்தேன்" என்றாள் மதி. "எந் தப்பு. உங்கம்மா இடத்துல இவங்கள வைன்னு ஆப்புக்குச் சொன்னேன். அதுக்கு ரெண்டு மூஞ்சி குட்த்தேன். எது ஆளு, எது வெறும் புடவையும் வெளிச்சமும்னு அதுக்குப் பிரிக்கத் தெரில. அந்தத் தாடைக்கும் கய்த்துக்கும் எந்த மூஞ்சி பொருந்துமோ அந்த மூஞ்சியப் போட்டுகிச்சி. அதுக்கு மேல நா திருத்தினதெல்லாம் அதையே இன்னும் கெட்டி பண்ணிடிச்சி." பிறகு கன்னியம்மா பக்கம் திரும்பினாள். "உனுக்கும் பங்கு கீது. மொதல்ல வந்ததுல உன் கோண மூக்கு இருந்துச்சி. நீதான் வேணான்ன. கலரு வேணுன்ன. உன்ன நீயே தொறத்துன."

"நீ இன்னாம்மே என்னக் கேக்கற? எனக்கு எப்டித் தெரியும் நா எப்டி இருந்தேன்னு? குட்சைல மொகம் பாக்கறதுக்கு ஒரு உள்ளங்கை அகலக் கண்ணாடி இருந்திச்சி. அதுல பாதிக்கு அவுரு சவரம் பண்ணிக்கினாரு."



மங்கம்மா பேனரைச் சுருட்டச் சொன்னாள். "நா எடுத்துனு போறேன். எம் போட்டோ." பேரெழுதிய அடிப்பகுதியை மட்டும் அன்புமணி கடையின் கத்தரியால் வெட்டி எடுத்து மேசைமேல் போட்டான். ஆட்டோ கிளம்பிப் போனது. 'மனைவி கன்னியம்மா' என்ற பட்டை கத்தரிக்கோலின் பக்கத்தில் கிடந்தது.

சண்முகவேல் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "இன்னைக்கே வேற செஞ்சு குடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னிக்கி முட்சிட்டு நாளைக்கு வர்றதா வேணாமான்னு நா சொல்றேன்" என்றாள் மதி.

அவள் கன்னியம்மாவை உட்காரச் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கடை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். எதிர்ச்சாரிக்குப் போய், அங்கிருந்து கேமராவின் ஜூமில் முகத்தைக் கிட்டத்துக்கு இழுத்து எடுத்தாள். நேராக ஒன்று, இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்று. லாரிகள் குறுக்கே போன நேரமெல்லாம் காத்திருந்தாள். தூரத்திலிருந்து எடுத்ததும் கன்னியம்மாவின் மூக்கு இருக்க வேண்டிய அளவுக்கு இறங்கியது, காதுகள் முன்னால் வந்தன.

"பல்லு எது எது இல்ல?"

"கேக்கறா பாரு. பின்னாடி மேல எல்லாம் பூட்ச்சி."

"எப்போ?"

"அம்பதுக்கு மேல."

உள்ளே வந்து உட்கார்ந்தாள். கன்னியம்மா அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். இந்த முறை மதி எல்லாவற்றையும் ஒரே படத்திலிருந்து செய்தாள். ஒவ்வொரு படியிலும் தூரத்திலிருந்து எடுத்த அந்த மூலப்படத்துக்கே திரும்பிப் போனாள். வந்ததை மறுபடி உள்ளே போடவில்லை. கண்களையும் கண்களுக்கு நடுவேயிருந்த எலும்பையும் மூக்கின் ஒடிவையும் தொடக்கூடாது என்று மறைத்து வைத்தாள். முதலில் தோல், பிறகு முடி. பின்பற்கள் போனதால் உள்வாங்கிய கன்னத்தை லேசாகத் தூக்கினாள். இமைக்கு மேல் தொங்கியதைக் குறைத்தாள். ஒவ்வொன்றுக்கும் கண்ணோடு கண் பொருத்திப் பார்த்தாள். ஐம்பத்தைந்து. ஐம்பது. திரையில் இருந்தவள் கன்னியம்மாவாகவே இருந்தாள். தூக்கம் தெளிந்த கன்னியம்மா மாதிரி. நாற்பத்தைந்துக்கு வந்ததும் மகிழினியின் சாயல் ஓரிடத்தில் தெரிந்து மறைந்தது.

அதற்குக் கீழே போனபோது முகம் நழுவியது. ஒரே படத்திலிருந்து மூன்று தடவை முப்பது வயதைக் கேட்டாள். மூன்று வேறு பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்குக் குண்டுக் கன்னம், ஒருத்திக்கு ஒட்டிய கன்னம், ஒருத்தி சினிமாவில் தங்கை வேஷம் போடுகிறவள்போல. மூவருமே வயதாகி இப்போதிருக்கிற கன்னியம்மாவாக வந்திருக்கக்கூடியவர்கள்தான். அவர்களில் யார் நிஜமாகவே அப்படி வந்தவள் என்று இந்த ஒரு முகத்தை வைத்துச் சொல்ல வழியில்லை.

"இத்தோட நிறுத்திக்கறேன்" என்றாள் மதி, நாற்பத்தைந்தைத் திரைக்குக் கொண்டுவந்து. "இது வரிக்கும்தான் நீ. இதுக்குக் கீய போனா அது யாரோ. நா சும்மா கத உட்டா நீ இன்னொரு தபா அடி வாங்குவ."

கன்னியம்மா வெகுநேரம் பார்த்தாள். திரைக்கு மிகக் கிட்டே வந்து, பிறகு இரண்டடி பின்னால் போய்.

"இந்த பொடவ கட்டினு இருந்த நாளுல" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். படத்தில் புடவையே இல்லை, தோள் வரைக்கும்தான். "தண்ணி லாரி பின்னாடி ஓடுவேன். மகிழு அப்போ டைலரிங் போய்க்கினு இருந்தா. பெரியவளுக்கு மாப்ள பாத்தேன். இந்த மூஞ்சோடதான் பாத்தேன்."

"அவுரு பக்கத்துல வைக்கட்டா?"

"எப்டி வைப்ப?" கன்னியம்மாவின் குரலில் பழைய அதட்டல் திரும்பியது. "இந்த வயசுல அவன் என்னாண்ட இல்ல. எண்ணூர்ல அவளாண்ட இருந்தான். இந்த மூஞ்ச அவன் பாத்ததே இல்ல. பாக்காதவன் பக்கத்துல என்ன எதுக்கு ஒக்கார வைக்கற?"

"அப்போ நெனவஞ்சலிக்கு?"

"அவனத் தனியா போடு. தலைய மட்டும். தெவசம் முடியறதுக்குள்ள கட்டணும், சின்னதாப் போடு."

"கீய மனைவின்னு போடவா?"

கன்னியம்மா மேசைமேல் கிடந்த கத்தரித்த பட்டையைப் பார்த்தாள். அதை எடுத்து, சுருட்டி, கடைக் குப்பைக்கூடையில் போட்டாள். "இங்க கீற எல்லாருக்கும் தெரியும். தெரியாதவனுக்கு நா இன்னாத்துக்கு சொல்லணும். இத்த," என்று திரையைக் காட்டினாள், "இத்த பெருசாப் போடு. நேத்து அடிச்ச சைசுல. கட்ட அங்கயேதான் நிக்குது."

"எதுக்குன்னு எயுதறது?"

"ஒண்ணும் எயுதாத."

"எதுக்குன்னு இல்லாம யாராச்சும் பேனர் கட்டுவாங்களா?"

"நீ பேசாம அடிச்சிக் குடும்மே. மூக்கத் தொட்ட, கைய ஒடச்சிடுவேன்."

மதி மூக்கைத் தொடவில்லை. வெளிச்சத்தைக்கூடச் சரிசெய்யவில்லை. ஓரத்தில் எப்போதும் வைக்கிற ரோஜாக் கட்டத்தை வைக்கப் போனவள், பின்னாலிருந்து வந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டு அதையும் விட்டுவிட்டாள். இயந்திரத்திலிருந்து முகம் நெற்றியில் தொடங்கிக் கோடு கோடாக இறங்கி வந்தபோது கன்னியம்மா பக்கத்தில் நின்று, யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டு போகப்போவதுபோலக் காவல் காத்தாள். மை காயும்முன் அதையும் ஜெயவேலின் சின்னப் படத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சண்முகவேல் பெருமூச்சு விட்டார். நாளைக்கு வேலைக்கு வருவதைப் பற்றி அவரும் மறுபடி பேசவில்லை, மதியும் பேசவில்லை.

தெருவில் இரண்டு நாள் குழப்பம். பேரில்லை, தேதியில்லை, தலைவர் படம் இல்லை, வருக வருக இல்லை. ஒரு பொம்பளை முகம் மட்டும் கட்டையில் ஏறி நின்று தெருவைப் பார்த்தது. கன்னியம்மா போய்ச்சேர்ந்துவிட்டாள் என்று நினைத்து ஒரு லாரிக்காரர் மாலையோடு வந்து, குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கன்னியம்மாவிடமே எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டார். அவருக்கு அன்றைக்குச் சோறு கிடைக்கவில்லை. கட்சிப் பையன்கள் வந்து, "இன்னா ஆயா, எலெக்ஷன்ல நிக்கறியா" என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் பார்த்த ஒருத்தர்கூட இது யார் என்று கேட்கவில்லை. "நம்ம கன்னியம்மா" என்றார்கள், "ஏன் கட்டிகிறா?" என்றார்கள்.

மூன்றாம் நாள் எண்ணூர் பேருந்தில் போன மதி, தன் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பாகவே இறங்கி அந்தத் தெருமுனைக்கு வந்தாள். தன் வேலையைக் கட்டிய இடத்தில் போய்ப் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. பேனருக்குக் கீழே கன்னியம்மா பெரிய அலுமினியச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கண்ணோடு கண், மூக்கின் ஒடிவு, காது. வெயில் ஒரே பக்கத்திலிருந்து இரண்டு முகத்திலும் விழுந்தது.

கன்னியம்மா நிமிர்ந்தாள்.

"இன்னா பாக்கற?"

"ஒண்ணுல்ல. எடது புருவம் கொஞ்சம் ஏறிகிதான்னு பாத்தேன்."

"ஏறல. போ."

மதி போனாள்.